மேற்கோள் குறிக்குள்ள வர்றதெல்லாம் பேச்சுத் தமிழ் ஆகிடாது

கேள்வி: மாப்பசானோட "கயிறு" கதையை பிரெஞ்சுலேருந்து நேரா தமிழ்ல பண்ணிட்டு இருக்கேன். உரையாடல் எல்லாம் பேச்சுத் தமிழ், கதை சொல்ற பகுதி எழுத்துத் தமிழ்னு பிரிச்சேன். படிச்சுப் பாத்தா மேயரும் விவசாயியும் ஒரே மாதிரி பேசறாங்க, கிழவர் ஏதோ எங்க ஊர்க்காரர் மாதிரி இருக்கார். எங்க கோடு போடறது? (வாசகி, புதுச்சேரி)

பதில்: நல்ல கதையா எடுத்திருக்கீங்க, ஏன்னா உங்க கேள்விக்கான பதில் அந்த 1883ம் வருஷக் கதைக்குள்ளயே இருக்கு. அதுல மேற்கோளுக்குள்ள மூணு விதமான பிரெஞ்சு வருது. அத மூணையும் ஒரே பேச்சுத் தமிழ்ல போட்டதாலதான் மேயரும் கிழவரும் ஒண்ணாயிட்டாங்க.

முதல்ல தண்டோரா போடறவன எடுத்துக்கோங்க. கோதர்வீல்ல சந்தை நாளன்னிக்கு சத்திரத்து முற்றத்துல வந்து நின்னு, ஐந்நூறு பிராங்க் இருந்த கருப்புத் தோல் பணப்பை காணாமப் போச்சு, கொண்டு வந்து குடுத்தா இருபது பிராங்க் வெகுமதின்னு சொல்றான். வாயால சொல்றதுதான், ஆனா அவன் வாயில வர்றது அரசாங்க வாசகம், அப்பவே பழசாயிட்ட வார்த்தைகளோட. இதுக்கு நம்மகிட்ட ரெடியாவே ஒரு நடை இருக்கு: "இதனால் கோதர்வீல் வாசிகளுக்கும் சந்தைக்கு வந்திருக்கும் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்..." இத "எல்லாருக்கும் சொல்லிக்கறது என்னன்னா"ன்னு எழுதினீங்கன்னா அந்த ஆளே காணாமப் போயிடுவான்.

அடுத்தது மேயர். ஆசிரியரே அவர அறிமுகப்படுத்தறப்ப, ஊர் நோட்டரி, பருத்த ஆளு, கம்பீரமானவர், ஆடம்பரமான வாக்கியம் பேசறவர்னு சொல்லிடறார். அவரோட முதல் வாக்கியத்துல யாரு, எந்த ரோட்டுல, யாரோட பையை எடுத்தாங்கறதெல்லாம் ஒரே மூச்சுல இலக்கணம் பிசகாம வரும். அதனால இவருக்கும் எழுத்துத் தமிழ்தான்: "மானவீலைச் சேர்ந்த உல்ப்ரேக் தொலைத்த பணப்பையை, இன்று காலை பேஸ்வீல் சாலையில் நீர் குனிந்து எடுத்ததைப் பார்த்தவர் இருக்கிறார்." பிரெஞ்சுல அவர் கிழவர 'வூ'ன்னு மரியாதையாத்தான் கூப்பிடறார், ஆனா விசாரிக்கற தோரணை. 'நீங்கள்' போட்டா ரொம்ப பணிவாயிடும், 'நீ' போட்டா பிரெஞ்சுல இல்லாத அவமதிப்பு வந்துடும், 'நீர்' அந்த நடுவுல கச்சிதமா உக்காருது. ஒரு தடவை 'நீர்' போட்டா அந்த சீன் முடியறவரைக்கும் 'உமது', 'உம்மை'ன்னு விடாம பிடிச்சுக்கணும், நடுவுல 'உங்க' எட்டிப் பாத்தா கெட்டுது.

இப்ப அந்த விவசாயி, ஓஷ்கோர்ன் கிழவர். இந்த மூணு பேர்ல இவர்கிட்ட மட்டும்தான் நிஜமான பேச்சு மொழி இருக்கு, நார்மண்டி கிராமத்து வழக்கு. 'நான், என்னை'ங்கற 'முவா' 'மே' ஆகுது, அவன், அவர் ரெண்டுக்கும் வர்ற 'இல்' வெறும் 'இ' ஆகுது, எழுத்து அங்கங்க விழுது. ஆனா நல்லா கவனிச்சுப் பாருங்க, மாப்பசான் ஒரு வரிக்கு ஒண்ணு ரெண்டு இடத்துலதான் எழுத்த மாத்தறார், மிச்சமெல்லாம் பிரெஞ்சுக்காரங்க யாரும் தடுக்காம படிக்கற ஸ்பெல்லிங்தான். நாமளும் அந்த அளவோட நின்னுக்கணும். நான் பண்ணினா இப்படி வரும்:

"நானா? நானா அந்தப் பையை எடுத்தேன்?"
"ஆம், நீர்தான்."
"சத்தியமா சொல்றேன், அதப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."
"உம்மைப் பார்த்திருக்கிறார்கள்."
"என்னையா? யாரு பாத்தது என்னைய?"
"சேணம் தைக்கும் மாலாந்தேன்."
"ஓ, அவன் பாத்தானா, அந்தப் பய! இந்தா பாருங்க மேயரய்யா, நான் இந்தக் கயித்துத் துண்ட எடுத்ததத்தான் அவன் பாத்துருக்கான்."

யார் சொன்னாங்கன்னு எங்கயும் போடல, ஆனா படிக்கறவங்களுக்குக் குழப்பம் வராது. உங்க வரைவுலயும் 'என்றார்' எல்லாத்தையும் மறைச்சுட்டு படிச்சுப் பாருங்க, எந்த வரி யாரோடதுன்னு தெரியலன்னா அங்க நடை ஒண்ணாயிடுச்சுன்னு அர்த்தம்.

கிழவர் உங்க ஊர்க்காரர் மாதிரி ஆனதுக்குக் காரணம் வேற. 'அவுக', 'ஏலே', 'என்னங்கோ' மாதிரி ஒரு ஜில்லாவையோ ஒரு சாதியையோ காட்டிக் குடுக்கற சொல்லு ஏதோ உள்ள வந்திருக்கும். வினை முடிவுலயும் சுட்டுப் பேர்லயும் மட்டும் பேச்ச வச்சுக்கோங்க (சொல்றேன், பாத்தான், அத, இந்தா), பொருளோட பேரெல்லாம் எல்லா ஊர்லயும் புரியறதா இருக்கட்டும். இதுல ஒரு நஷ்டம் இருக்கு, ஒத்துக்கணும், நார்மண்டிங்கற அடையாளம் தமிழ்ல வரவே வராது, கிராமத்து ஆளுங்கறது மட்டும்தான் வரும். ஆனா அவர நெல்லைக்காரராவோ கோயமுத்தூர்க்காரராவோ ஆக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலாம்.

கதை சொல்ற பகுதிக்கு நீங்க எழுத்துத் தமிழ் எடுத்தது சரி. அதுல வர்ற இறந்தகாலம் 'பாஸே சேம்ப்ள்', புஸ்தகத்துல மட்டும் வாழற காலம், இன்னிக்கு பிரான்ஸ்ல யாரும் வீட்டுல அதுல பேசறதில்ல. மேற்கோள் மூடின உடனே 'என்றார்'னு எழுத்து நடைக்குத் திரும்பிடணும், 'ன்னு சொன்னாரு'ன்னு வெளிய கசியக் கூடாது. கசியுதான்னு பாக்க கதைப் பகுதிய மட்டும் தனியா ஓட்டிப் படிச்சு 'பாத்து', 'வச்சு', 'கிட்ட', 'ல' முடிவு எல்லாத்தையும் தேடுங்க. கிழவர கதைசொல்லி 'அவர்'னு சொல்றதா 'அவன்'னு சொல்றதாங்கறதயும் மொத வரிலயே முடிவு பண்ணிடுங்க, பிரெஞ்சு 'இல்' அதுல உதவி பண்ணாது. நான் 'அவர்' போடுவேன், ஊரே அவர திருடன்னு நினைக்கறப்ப கதைசொல்லியும் 'அவன்'னு சொல்லிட்டா அவரும் ஊரோட சேர்ந்துட்ட மாதிரி இருக்கும்.

கஷ்டமான இடம் எதுன்னா, மேற்கோளும் இல்லாம 'என்று நினைத்தார்'னும் இல்லாம கதாபாத்திரத்தோட மனசு கதைசொல்லி வாக்கியத்துக்குள்ள வந்து நிக்கும் பாருங்க, அந்தக் காலத்து பிரெஞ்சு எழுத்துல இது நிறைய. அங்க முழுப் பேச்சுக்கும் போக வேணாம், 'என்று நினைத்தார்'னு புதுசா ஒட்டவும் வேணாம். வினை முடிவ எழுத்து நடைலயே விட்டுட்டு, கேள்வியையும் '-ஏ', 'தானே', 'என்ன' மாதிரி ஒட்டுகளையும் அந்த ஆளோடதா ஆக்குங்க. 'அவள் போய்விட்டாள். இனி வருவாளா என்ன?' இதுல எழுத்துத் தமிழும் கெடல, யாரோட ஏக்கம்னும் தெரியுது.

இந்தக் கதை முடிஞ்சு அடுத்து இருபதாம் நூற்றாண்டுக்குப் போனீங்கன்னா ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. 1942ல வந்த காம்யுவோட "அந்நியன்" நாவல்ல கதை சொல்றதே பேச்சுல வர்ற 'பாஸே கோம்போஸே' காலத்துலதான். அத வச்சு முழுசும் பேச்சுத் தமிழ்ல இறக்கிடலாம்னு தோணும், இறக்காதீங்க. காலம் மட்டும்தான் பேச்சோடது, பிரெஞ்சு எதிர்மறைல வர்ற, பேச்சுல சாதாரணமா விழுந்துடற 'ந' அங்க விழாம அப்படியே நிக்குது, கொச்சையும் கிடையாது. அதுக்கு சின்னச் சின்ன வாக்கியமா, அலங்காரமில்லாத எழுத்துத் தமிழ் போதும். அந்த 'ந' விழுதா நிக்குதான்னு பாக்கறதத்தான் நான் எந்த பிரெஞ்சுப் பக்கத்துலயும் முதல்ல செய்வேன், ஆனா உங்க கிழவர் மாதிரி பழைய கிராமத்து ஆளுங்க பேச்சுல 'ந' நின்னாலும் நிக்கும், அங்க விழற எழுத்தயும் திரிஞ்ச சொல்லயும் பாத்துத்தான் முடிவு பண்ணணும்.