நிஜமாகவே எத்தனை மணி நேரம் படிக்க முடியும்? குரூப் 4 படிப்பவர்களுக்கான கேள்வி பதில்

வேலையை விட்டுட்டுப் படிக்கிறேன் சார். 14 மணி நேரம்னு டைம்டேபிள் போட்டேன், மூணாவது நாளே நின்னு போச்சு. எவ்வளவு வெக்கலாம்?

ஒரு வாரத்துக்கு டைம்டேபிளே வேண்டாம் தம்பி. எப்பவும் போலப் படிங்க, ஸ்டாப்வாட்ச் மட்டும் ஓடட்டும். போனைத் தொட்டாலோ எழுந்து போனாலோ நிறுத்திடணும். 10 மணி நேரம் படிக்கிறேன்னு சொன்ன ஒரு பொண்ணு இப்படி எழுதிட்டு வந்தது: 3.10, 4.05, 2.20, 5.30, 3.40, 1.15, 3.50. அந்த 1.15, சொந்தக்காரங்க வீட்டுக் காதுகுத்துக்குப் போன நாள். ஏறுவரிசையில் எழுதினா நடுவில் நிற்பது 3.40. அதனால் இலக்கு மூன்றரை மணி நேரம்னு வெச்சோம். சராசரி எடுத்தா அந்த ஒரு நாளே கணக்கைக் கீழே இழுத்துடும். 5.30-ஐப் பார்த்து இலக்கு வெச்சா ஏழில் ஆறு நாள் தோத்த மாதிரி ஆயிடும். ரெண்டு வாரம், வாரத்துக்கு அஞ்சு நாளாவது இலக்கைத் தொட்டா 20 நிமிஷம் கூட்டுங்க.

நான் லைப்ரரியில் காலை 8 முதல் ராத்திரி 8 வரை படிக்கிறேனே? பழகினா எல்லாராலும் முடியும்.

பழகினா கூடும், அது சரி. ஆனா நீங்க சொல்றது உட்கார்ந்திருந்த நேரம். காலையில் பழைய வினாத்தாளில் திறனறிவு 25 கேள்வி போடுங்க, ராத்திரி 7 மணிக்கு வேறொரு தாளில் 25. தாளுக்குத் தாள் கடினம் மாறும், அதனால் மூணு நாள் பாருங்க. காலையில் 21, ராத்திரி 14 என்றே வந்தா அந்த மாலை நேரத்தில் புதுப் பாடம் ஏறாது. படிச்ச தமிழ்ப் பாடத்தைத் திருப்பிப் பார்க்க வெச்சுக்கலாம். 1993-இல் வெளிவந்த, எரிக்சன் என்ற உளவியலாளரின் ஆய்வில், பெர்லின் இசைப் பள்ளியின் சிறந்த வயலின் மாணவர்களே தனியாகப் பயிற்சி செய்தது நாளுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம்தான். வயலினும் பரீட்சையும் ஒன்றல்ல, ஆனாலும் நான் பார்த்தவரை கடினமான படிப்பு அதை ஒட்டித்தான் நிற்குது.

ஜவுளிக்கடையில் வேலை அண்ணா. வீட்டுக்கு வர 9.30 ஆகும். 12.30 வரை மூணு மணி நேரம் கிடைக்குமில்ல?

குளிச்சுச் சாப்பிட்டு உட்காரவே 10.30 ஆயிடுமேம்மா. பகல் முழுக்க நின்ன கால் வேற. காலை 5.15-லிருந்து ஒரு மணி நேரம் கணக்கு, ராத்திரி 40 நிமிஷம் பழைய வினாத்தாள். இதையே உங்க முழு இலக்கா வெச்சுக்கோங்க. 12.30 வரை விழிச்சா அந்தக் காலை மணி நேரமும் போயிடும்.

அப்போ மூன்றரை மணி நேரம் படிச்சாலே பாஸ்னு சொல்றீங்களா?

அப்படிச் சொல்லலைங்க. கட்-ஆஃப் காலியிடத்தையும் வினாத்தாளையும் பொறுத்தது. வாரம் ஆறு நாள்னா 21 மணி நேரம், 16 வாரத்துக்கு 336. பாடத்திட்டம் அதுக்குள்ள அடங்குமான்னு ஆளைப் பார்க்காம சொல்ல முடியாது. ஒரு தமிழ்ப் பாடம் முடிக்க உங்களுக்கு எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு அளந்து சொல்லுங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.