எத்தனால் 95.6 சதவீதத்தில் நின்றுவிடுகிறது

“மூன்று முறை வடித்தும் எத்தனால் 95-96%-ஐத் தாண்டவில்லை, எங்கே தப்பு?”

தப்பு உங்கள் கருவியில் இல்லை. எடையில் 95.6% வந்ததும் மேலே போகும் ஆவியிலும் அதே 95.6% எத்தனால்தான் இருக்கும், அதைக் குளிரவைத்தால் அதே கலவைதான் திரும்பக் கிடைக்கும், முப்பது முறை வடித்தாலும் அதே கதை.

காரணம், தண்ணீரும் எத்தனாலும் ஒன்றோடொன்று அவ்வளவாக ஒட்டுவதில்லை. எத்தனால் மிகுந்த கலவையில் கொஞ்சமாக இருக்கும் தண்ணீர், தன் இனத்தோடு இருந்த வலுவான ஹைட்ரஜன் பிணைப்புகளை இழப்பதால், எதிர்பார்த்ததைவிட எளிதாக ஆவியாகிறது. அதனால்தான் கலவை 78.2°C-யிலேயே கொதிக்கிறது, தூய எத்தனாலுக்கோ 78.4 வேண்டும்.

சோதிக்க, வடித்ததில் நீரற்ற காப்பர் சல்பேட் கொஞ்சம் போடுங்கள், வெள்ளை நீலமானால் தண்ணீர் இருக்கிறது. அப்புறம் அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் 3A மூலக்கூறு சல்லடை மணிகளில் ஒரு நாள் ஊறவிடுங்கள்.

ஒன்று, ஹைட்ரோமீட்டர் கன அளவில் காட்டினால் இதே கலவை 97% என்று தெரியும், ஏமாறாதீர்கள்.