வர்ணம் பாடும் வீடியோவுக்குக் கீழே என்ன எழுதுவது?

"மாணவி மோகன வர்ணம் பாடிய வீடியோ போட்டேன். லைக் வருகிறது, வகுப்பில் சேர யாரும் கேட்கவில்லை. 'எல்லா நிலைகளுக்கும் வகுப்பு உண்டு' என்றுதான் எழுதியிருக்கிறேன்."

வர்ணத்தை இரண்டு காலத்திலும் கேட்டதும், ஏழு வயதுப் பிள்ளையின் அம்மா 'இது நமக்கில்லை' என்று நகர்ந்துவிடுவார். அதனால் இந்த மாணவி எங்கே தொடங்கினாள் என்பதே முதல் வரியாக வரட்டும். 'மேலும்' என்பதை அழுத்தாமலே கண்ணில் படுவது அதுதான்.

நிலைகளைப் பாடத்தின் பெயராலேயே சொல்லுங்கள். 'இடைநிலை' என்றால் வேறு ஆசிரியரிடமிருந்து வருபவருக்குத் தன் இடம் தெரியாது. 'கீதம் முடித்தவர்கள்' என்றால் உடனே தெரியும்.

சோதனை வகுப்பில் என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள். பாடவே தெரியாதவர்களின் தயக்கம் அங்கேதான். இப்படி இருக்கலாம்:

"மூன்று வருடம் முன்பு சரளி வரிசையில் தொடங்கியவள், இன்று மோகன வர்ணம் பாடுகிறாள்.
தொடக்கம்: சரளி, ஜண்டை, அலங்காரம். அடுத்து: கீதம், ஸ்வரஜதி. பிறகு: வர்ணம், கீர்த்தனை.
சோதனை வகுப்பு 30 நிமிடம், இலவசம். குரலுக்கேற்ற சுருதி பார்த்து, முதல் சரளி வரிசையைப் பாட வைப்போம். பிள்ளையின் வயதை எழுதி அனுப்புங்கள், நேரம் சொல்கிறோம்."

வருடக் கணக்கை உங்கள் மாணவிக்கு ஏற்ப மாற்றுங்கள். வீடியோ போட அவள் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், அதை வாங்கியிருப்பீர்கள்.