ஸ்வீடனிலிருந்து ஒரு ஃபீகா அழைப்பு: மகள் என்ன பதில் எழுத வேண்டும்?

அன்புள்ள அம்மாவுக்கு,

கோத்தன்பர்க்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் மகளுக்கு ஸ்வீடிஷில் ஒரு செய்தி வந்திருக்கிறது. திங்கட்கிழமை வந்த செய்திக்கு இன்று புதன்கிழமை வரை அவள் பதில் எழுதவில்லை. தப்பாக எழுதிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம். தகுதிகாண் காலத்தில் ஏதோ சோதனை வைக்கிறார்களோ என்று உங்களுக்குப் பயம். நீங்கள் அனுப்பிய செய்தி இதுதான். அழைத்தவரின் பெயரை மட்டும் மாற்றி, அன்னா என்று வைத்துக்கொள்கிறேன்.

```
Hej! Välkommen till oss! Ska vi ta en fika på torsdag, halv tre? Jag bjuder. /Anna
```

“வணக்கம்! எங்களோடு சேர்ந்ததற்கு வரவேற்பு! வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு ஃபீகா போவோமா? செலவு என்னுடையது. அன்னா.” செய்தி முழுவதும் இவ்வளவுதான். ஃபீகா என்றால் வேலைக்கு நடுவே உட்கார்ந்து காபி குடித்து, இனிப்பு ரொட்டி ஏதாவது சாப்பிட்டு, பேசிவிட்டு எழுவது. பக்கத்து மேசைக்காரர் புதிதாக வந்தவரை இப்படி அழைப்பது அங்கே அன்றாட வழக்கம். உங்கள் மகளுக்கு மதிப்பெண் போட அன்னா வரவில்லை.

முதலில் நேரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற இடம் அதுதான். “ஹால்வ் த்ரே” என்பதை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் “அரை, மூன்று” என்று வரும். நம் காதுக்கு அது மூன்றரை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் பிரிட்டிஷ் பேச்சு வழக்கை நினைத்துக்கொண்டு மூன்றரை என்றுதான் எடுப்பார்கள். ஸ்வீடன்காரர்களோ மூன்று மணியை எட்டப் பாதி வழி வந்தாயிற்று என்ற கணக்கில் சொல்கிறார்கள். எனவே “ஹால்வ் த்ரே” இரண்டரை, “ஹால்வ் ஃபீரா” மூன்றரை. இதைத் தெரியாமல் போனால் உங்கள் மகள் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பாள். சொன்ன நேரத்துக்கு வருவதை அங்கே மிகவும் மதிக்கிறார்கள். ஐந்து நிமிடம் தாமதமானால்கூட முன்பே செய்தி அனுப்புவார்கள்.

கிழமையையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். செவ்வாய் “டீஸ்டாக்” (tisdag), வியாழன் “தூஷ்டாக்” (torsdag). இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே மாதிரி முடிவதால் அவசரமாகப் படித்தால் மாறிப்போகும். இந்த இரண்டு குழப்பத்துக்கும் ஒரே மருந்து, பதிலில் கிழமையையும் நேரத்தையும் திரும்ப எழுதுவது. நேரத்தை 24 மணிக் கணக்கில் எண்ணாகப் போட வேண்டும். அவள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அன்னா உடனே திருத்திவிடுவார்.

```
Hej Anna! Förlåt att jag svarar sent. Tack, gärna! Torsdag kl. 14.30 passar bra. Ses vi i fikarummet?
```

“வணக்கம் அன்னா! பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். நன்றி, சந்தோஷமாக வருகிறேன்! வியாழன் 14.30 எனக்குச் சரிப்படும். ஃபீகா அறையில் சந்திப்போமா?” இவ்வளவு போதும். தாமதத்துக்கு ஒரு வரி மன்னிப்பு போதும், காரணம் எல்லாம் விளக்க வேண்டாம். அதிலுள்ள “யாணா” (gärna) என்ற சொல்லை அவள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். யாராவது எதற்காவது அழைக்கும்போது “ஆமாம், விருப்பத்தோடு” என்று சொல்ல அந்த ஒரு சொல் போதும். கடைசிக் கேள்வியும் தேவையானதே. அழைப்பில் இடம் குறிப்பிடவில்லை. பெரும்பாலும் அலுவலகத்திலேயே உள்ள ஃபீகா அறையாக இருக்கும், ஆனால் “யாக் ப்யூடர்” (செலவு என்னுடையது) என்று அன்னா எழுதியிருப்பதைப் பார்த்தால் வெளியே கடைக்கு அழைத்துப் போகவும் வாய்ப்பு உண்டு. அலுவலகக் காபிக்குப் பொதுவாகக் காசு கிடையாது.

அந்த வரி இல்லாத அழைப்பு என்றால் கடையில் அவரவர் பங்கை அவரவரே கொடுப்பது வழக்கம். இங்கே அன்னா தெளிவாகச் சொல்லிவிட்டார். அதனால் பணம் கொடுக்கும் இடத்தில் நாம் செய்வதுபோல “நான்தான் கொடுப்பேன்” என்று மல்லுக்கு நிற்க வேண்டாம். நன்றி சொல்லி, அடுத்த முறை தன் செலவு என்று சொன்னால் சரி.

அப்புறம், நீங்கள் எழுதிக் கொடுத்த “ரெஸ்பெக்டட் மேடம்” கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் நோக்கம் நல்லது, ஆனால் தயவுசெய்து அதை அனுப்பச் சொல்லாதீர்கள். ஸ்வீடனிலும் ஒரு காலத்தில் பட்டத்தையும் பதவியையும் சொல்லித்தான் அழைத்தார்கள். 1960-களின் இறுதியில் அது மளமளவென்று மாறியது. 1967-ல் மருத்துவ நிர்வாகத் துறையின் தலைவராக வந்த ப்ரூர் ரெக்ஸெட், ஊழியர்கள் எல்லாரையும் பெயர் சொல்லியே அழைக்கப்போவதாக அறிவித்தது இன்றும் பேசப்படுகிறது. இப்போது நம் “நீ”க்கு இணையான “டூ” என்ற சொல்லையே மேலாளரிடமும் பயன்படுத்துகிறார்கள். மேடம் என்று எழுதினால் மரியாதையாகப் படாது, விலகி நிற்கிறாள் என்றே படும். “ஹேய் அன்னா” என்பதுதான் அங்கே மரியாதையான தொடக்கம்.

அன்னா தன் பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டிருப்பதைக் கவனியுங்கள். சிறு செய்திகளில் ஸ்வீடன்காரர்கள் அப்படித்தான் கையெழுத்திடுவார்கள். உங்கள் மகளும் அதேபோலச் சாய்கோட்டுக்குப் பின் தன் பெயரைப் போட்டுவிடட்டும். நம் கடவுச்சீட்டுகளில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருப்பதால், அலுவலகக் கணினியில் எது அவள் பெயர் என்று பலருக்குத் தெரியாது. அன்னாவின் வரவேற்பில் பெயரே இல்லாததற்கும் ஒருவேளை அதுவே காரணமாக இருக்கலாம். எப்படி அழைப்பது என்று இந்தக் கையெழுத்து சொல்லிவிடும்.

வியாழக்கிழமை அந்த நேரத்தில் உண்மையிலேயே வேறு கூட்டம் இருந்தால்?

```
Hej Anna! Vad snällt av dig! Tyvärr har jag ett möte då. Funkar fredag kl. 14.30 i stället?
```

“உங்களுக்கு எவ்வளவு அன்பு! அப்போது எனக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, வருந்துகிறேன். அதற்குப் பதில் வெள்ளி 14.30 சரிப்படுமா?” இந்தப் பதிலின் உயிர் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. நம் ஊரில் ஒருவர் கூப்பிட்டால் முதலில் “பரவாயில்லைங்க, இருக்கட்டும்” என்போம். அவர் மறுபடி வற்புறுத்துவார், அப்புறம் போவோம். ஸ்வீடனில் அந்த இரண்டாம் அழைப்பு பெரும்பாலும் வராது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். தொந்தரவு செய்யக் கூடாது என்ற மரியாதையில் திரும்பக் கேட்கவும் மாட்டார்கள். “இன்னொரு நாள் பார்க்கலாம்” என்று பொதுவாக எழுதினாலும் மறுப்பாகவே படும். வர விருப்பம் இருந்தால் வேறு கிழமையும் நேரமும் அவள்தான் சொல்ல வேண்டும்.

மொழியைப் பற்றிய கவலை நியாயமானது. ஸ்வீடிஷ் நன்றாகத் தெரிந்தவரிடம் எழுதி வாங்கி, அழகான நீண்ட பதிலாக அனுப்பலாமா என்று மகள் கேட்டதாகச் சொன்னீர்கள். அப்படிச் செய்தால் வியாழக்கிழமை அன்னா முழு வேகத்தில் ஸ்வீடிஷில் பேசத் தொடங்குவார், இவள் திணறிப்போவாள். மேலே உள்ள எளிய பதிலோடு இந்த வரியையும் சேர்த்தால் போதும்.

```
Min svenska är inte så bra än. Går det bra på engelska?
```

“என் ஸ்வீடிஷ் இன்னும் அவ்வளவு நன்றாக இல்லை. ஆங்கிலத்தில் பேசினால் பரவாயில்லையா?” ஸ்வீடன்காரர்களில் மிகப் பலர் ஆங்கிலம் சரளமாகப் பேசுவார்கள். முழுப் பதிலையும் ஆங்கிலத்தில் எழுதினாலும் குற்றமில்லை. ஆனால் ஸ்வீடிஷில் கேட்டவருக்கு ஸ்வீடிஷில் இரண்டு வரி எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. கற்றுக்கொண்டிருக்கிறாள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வேலை நேரத்தில் காபி குடிக்கப் போனால் கெட்ட பெயர் வருமே என்று கேட்டிருந்தீர்கள். ஸ்வீடனின் 1982-ஆம் ஆண்டு வேலைநேரச் சட்டம் இரண்டு வகை இடைவேளைகளைப் பிரிக்கிறது. மதிய உணவு போன்ற நீண்ட இடைவேளை வேலை நேரத்தில் சேராது. வேலைக்கு நடுவே எடுக்கும் சிறு ஓய்வு வேலை நேரத்திலேயே சேரும். அலுவலகத்தில் கால் மணி நேரம் எடுக்கும் ஃபீகா பொதுவாக இந்த இரண்டாவது வகை. வெளியே கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருவது வேறு விஷயம். அப்படியானால் அந்த அலுவலகத்தின் வழக்கம் என்ன என்று அன்னாவிடமே கேட்டுவிடலாம். தகுதிகாண் நியமனம் அங்கே அதிகபட்சம் 6 மாதம். அந்த நாட்களில் ஃபீகாவுக்கு வராமல் மேசையிலேயே குனிந்திருக்கும் புதியவரைப் பார்த்தால், கடுமையாக உழைக்கிறார் என்று யாரும் நினைப்பதில்லை. இங்கே பொருந்தவில்லையோ என்றுதான் யோசிப்பார்கள்.

பேச்சுக்குப் பெரிய தயாரிப்பு வேண்டாம். எந்த வேலைக்கு யாரிடம் போவது, மற்றவர்கள் எத்தனை மணிக்கு ஃபீகாவுக்குக் கூடுவார்கள் என்று கேட்கலாம். கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள், சம்பளம் எவ்வளவு என்பவை நமக்கு அக்கறையான கேள்விகள். அங்கே முதல் சந்திப்பில் தவிர்க்க வேண்டியவை. திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது அங்கே சாதாரணம் என்பதால் “கணவர் என்ன செய்கிறார்” என்ற கேள்வியே பொருந்தாமல் போகலாம்.

உங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை என்றீர்கள். ஃபீகாவின் பேர்போன பண்டமான லவங்கப்பட்டை ரொட்டியின் மேல் அடுப்பில் வைக்குமுன் வழக்கமாக முட்டை தடவுவார்கள். “ஏர் தே எக் இ?” (Är det ägg i?) என்று கேட்டால் முட்டை உண்டா என்று சொல்லிவிடுவார்கள். காபி நம் டிகாஷன் காபி மாதிரி இருக்காது. பால் கலக்காத வடிகாபி, பால் தனியாக இருக்கும். பிடிக்கவில்லை என்றால் தேநீர் கேட்கலாம், ஃபீகாவுக்குக் காபி கட்டாயமில்லை.

நீங்கள் செய்து அனுப்பிய முந்திரி மைசூர்பாகை இந்த முதல் சந்திப்புக்கு எடுத்துப்போக வேண்டாம். அழைத்தவர் விருந்தோம்புகிறார், அவரே செய்யட்டும். அடுத்த வாரம் ஒருநாள் டப்பாவை ஃபீகா அறை மேசையில் எல்லாருக்குமாகத் திறந்து வைக்கலாம். முந்திரி, பாதாம் ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள். சில அலுவலகங்களில் கொட்டை வகைகளைக் கொண்டுவரவே கூடாது, அதையும் அன்னாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளட்டும். தடை இல்லை என்றால் டப்பாவின் மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிவிட வேண்டும். கொட்டையும் பாலும் உள்ளது என்பதை இப்படி எழுதலாம்:

```
Innehåller nötter och mjölk
```