வரைபடத்தில் அம்பு மேலே, தண்ணீர் கீழே

கேள்வி: சார், குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் சரிவு நிலம். பழைய ரப்பரை வெட்டிவிட்டோம். சர்வேயர் தந்த உயரக்கோட்டு வரைபடத்தை போனில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நடுவில் அம்பு மாதிரி கோடுகள் வடக்கே பார்க்கின்றன. அப்படியானால் தண்ணீர் வடக்கே போகுமா? தெற்கே கிணற்றுக்கு மேலே சமமாக இருக்கிற இடத்தில் தொழுவம் கட்டலாமா?

பதில்: அங்கே கட்ட வேண்டாம். தண்ணீர் தெற்கே, நேராக நீங்கள் குறித்த இடத்துக்குத்தான் வரும்.

அம்பைப் பார்க்கும் முன் எண்களைப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கிறது, தடித்த கோடுகளில் அந்த உயரம் மீட்டரில் 100, 90, 80 என்று எழுதியிருக்கிறது. இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள், அதாவது ஐந்து இடைவெளி. ஆகவே ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 2 மீட்டர் உயர வித்தியாசம். வடக்கே 100, தெற்கே 80. நிலம் மொத்தமாகத் தெற்கே இறங்குகிறது.

இனி அம்பு. 90 மீட்டர் கோட்டின் முனைக்குச் சற்றுத் தெற்கே, இரண்டு கைகளுக்கு நடுவே நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிழக்கே நடந்தாலும் மேற்கே நடந்தாலும் 90 கோட்டைத் தாண்டி ஏறத்தான் வேண்டும். இரு பக்கமும் ஏற்றம் என்றால் நீங்கள் நிற்பது பள்ளம். பள்ளத்தில் கோட்டின் முனை எப்போதும் மேட்டைப் பார்க்கும், தண்ணீர் அதற்கு எதிர்த்திசையில் போகும். பலரும் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள், உங்கள் மேல் குற்றமில்லை. 92, 90, 88, 86 கோடுகளின் முனைகளைப் பென்சிலால் இணைத்தால் மழைநீர் ஓடிவரும் தோட்டின் வழி கிடைக்கும். 84-ல் அது சற்றுக் கிழக்கே வளைகிறது.

மேற்குப் பாதியில் அதே கோடுகள் தெற்கே பிதுங்கி வளைகின்றன. அங்கே நின்று இரு பக்கம் நடந்தால் இறக்கம். அது மலைமுகடு நீண்டு வருகிற முதுகு. அதன் உச்சிக்கோடுதான் மழைநீரைப் பிரிக்கும்: கிழக்கே விழுந்தது தோட்டுக்கு, மேற்கே விழுந்தது வெளியே.

சரிவைக் கணக்கிட, படத்தின் அடியில் இருக்கும் 50 மீட்டர் அளவுகோலையே பயன்படுத்துங்கள். தாளில் அச்சிட்ட விகிதம் போன் படத்துக்குப் பொருந்தாது, பெரிதாக்கியதும் மாறிவிடும். நான் பிரிண்ட் எடுத்து நூல் வைத்து அளந்தேன். அளவுகோல் 2 செ.மீ. வந்தது, அப்போது 1 செ.மீ. என்பது 25 மீட்டர். கிழக்குப் பக்கம் 98-லிருந்து 88 வரை 1.6 செ.மீ., அதாவது 40 மீட்டரில் 10 மீட்டர் இறக்கம், 25 சதவீதம். தெற்கே 84-லிருந்து 80 வரை 3.2 செ.மீ., 80 மீட்டரில் 4 மீட்டர், வெறும் 5 சதவீதம்.

இதில் ஒரு சந்தேகம். உங்கள் படத்தில் தாளின் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிடக் குறுகித் தெரிகிறது, போனைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். மேலே உள்ள கோடுகள் நெருங்கித் தெரிவதில் கொஞ்சம் அந்தச் சாய்வின் வேலை. 25 என்பது உண்மையில் 20-க்குப் பக்கமாகவும் இருக்கலாம். தாளைத் தரையில் விரித்து, நேர் மேலிருந்து, நான்கு மூலையும் தெரிய மறுபடி எடுங்கள். நடுவில் ஓடும் மடிப்புத் தடத்தைக் கோடு என்று எண்ண வேண்டாம், அதற்கு எண் கிடையாது, மற்றக் கோடுகளை வெட்டிக்கொண்டு போகிறது.

அப்புறம் தொழுவம். தோடு செங்குத்தாக இறங்கி, திடீரென்று 5 சதவீதச் சரிவில் வரும்போது வேகம் குறைந்து தண்ணீர் பரவும், மண்ணும் படியும். நீங்கள் பார்த்த சமமான இடம் அதுதான். வாழைகூட அங்கே வேர் அழுகி நிற்கும். அத்துடன் கிணறு கீழே இருக்கிறது, சாணம் கழுவிய நீர் நேரே அதற்குள் இறங்கும். முதுகின் மேற்குத் தோளில், 86-க்கும் 84-க்கும் இடையே கோடுகள் விரிந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே கழுவிய நீர் கிணற்றுப் பக்கம் போகாது. ஆனால் அடுத்தவர் விளைக்குள் போகாமல் சாணக்குழி ஒன்று வெட்ட வேண்டும்.

கட்டும் முன் ஒரு மழை பாருங்கள். 2 மீட்டர் இடைவெளி வரைபடத்தில் முழங்கால் ஆழ வாய்க்கால் தெரியாது, பழைய ரப்பர் படித்தளங்களும் நீரைத் திருப்பியிருக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பென்சில் கோட்டு வழியே நடந்து, ஒரே பக்கம் சாய்ந்த புல், வெளியே தெரியும் வேர், படிந்த மணல் இருக்கிறதா என்று பாருங்கள். அவை கோட்டிலிருந்து விலகி இருந்தால் வரைபடத்தை விட்டுவிட்டு மண் காட்டுகிற வழியையே தோடாக எடுத்துக்கொண்டு, தொழுவத்தை அதற்கு ஏற்றபடி நகர்த்துங்கள்.