புடவைப் படம் மங்குவதற்குப் புதிய கைப்பேசி தீர்வாகுமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே பட்டுப் புடவை விற்கிறேன். கைப்பேசியில் பளிச்சென்று இருக்கும் படம் இன்ஸ்டாகிராமில் ஏற்றியதும் மங்கிவிடுகிறது. ஜரிகை குழம்பித் தெரிகிறது. படத்தின் மேல் சிவப்பில் எழுதிய விலை கசிந்தாற்போல் இருக்கிறது. 50 மெகாபிக்சல் கைப்பேசி வாங்கினால் சரியாகும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வாசகி, ஆரணி)

பதில்: இந்தக் காரணத்துக்காக வாங்க வேண்டாம். இன்ஸ்டாகிராம் தன் பதிவுகளில் 1080 பிக்சலுக்கு மேற்பட்ட அகலத்தை வைத்துக்கொள்வதில்லை. உங்களிடம் இப்போது இருப்பது 12 மெகாபிக்சல் கேமரா என்றால், நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் 3000க்கு 4000 பிக்சல் இருக்கும். அது 1080க்கு 1440 ஆகச் சுருக்கப்படும்போது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. 50 மெகாபிக்சல் படமும் இதே அளவுக்குத்தான் சுருங்கும். விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

எண்ணற்ற படங்களைச் சேமித்து, மெதுவான இணைப்பில் இருப்பவருக்கும் உடனே காட்ட வேண்டியிருப்பதால், தளங்கள் வந்த கோப்பை அப்படியே வைத்துக்கொள்ளாமல், அளவைக் குறைத்து மீண்டும் ஜேபெக் போன்ற முறையில் இறுக்கிவிடுகின்றன. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய மாற்றங்களை முதலில் விட்டுவிடும். வெற்றுச் சுவருக்கு இதனால் இழப்பில்லை. ஆனால் ஜரிகை முழுவதும் நுண்ணிய மாற்றமே என்பதால் அடி அங்கேதான் விழுகிறது. மேலும், வெளிச்சத்தின் அளவைப் பிக்சல்தோறும் குறித்துக்கொள்ளும் இம்முறை, நிறத்தைப் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகவே குறித்துக்கொள்கிறது. புடவையின் மேல் சிவப்பு எழுத்து கசிவதற்குக் காரணம் இதுதான். விலையை வெள்ளையிலோ கறுப்பிலோ, பின்னணியின் வெளிச்சத்திலிருந்து நன்கு வேறுபடும்படி எழுதினால் அந்தக் கசிவு பெருமளவு குறையும்.

சுருக்கும் வேலையைத் தளத்திடம் விடாமல் நீங்களே முன்கூட்டிச் செய்துவிடுவது நல்லது. கணினியில் இலவசமாகக் கிடைக்கும் GIMP மென்பொருளில் படத்தைத் திறந்து, Image பட்டியலில் Scale Image வழியாக அகலத்தை 1080 ஆக்குங்கள். உயரம் தானே 1440 ஆகிவிடும். சுருக்கும்போது படம் சற்று மென்மையாகிவிடும் என்பதால், அதன் பிறகு Filters, Enhance, Sharpen (Unsharp Mask) சென்று, Radius 0.7, Amount 0.5 என்ற அளவில் தொடங்கிப் பாருங்கள். விளிம்புகளில் வெள்ளைக் கோடு முளைத்தால் மிகையாகிவிட்டது என்று பொருள். கூர்மையாக்கும் வேலையைச் சுருக்கிய பின்னரே செய்ய வேண்டும். முன்பே செய்தால் அதன் பலன் பெரும்பாலும் சுருக்கத்தில் கரைந்துவிடும். பிறகு File பட்டியலில் Export As வழியாக ஜேபெக் ஆகத் தரம் 90 வைத்துச் சேமியுங்கள். நிற அமைப்பு sRGB ஆக இருக்கட்டும். அகன்ற நிற அமைப்பில் சேமித்த படத்தின் அரக்கு நிறம் சில திரைகளில் வெளிறிப்போகும்.

இந்தக் கோப்பைக் கைப்பேசிக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகப் போட்டால் அங்கேயே ஒருமுறை இறுக்கப்பட்டுவிடும். Document ஆக அனுப்புங்கள், அல்லது கேபிளில் மாற்றுங்கள். இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் Upload at highest quality என்பதையும் இயக்கிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஜரிகை இழை தெரியவில்லை என்றால், கணக்கைப் பாருங்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு விரித்த முந்தானையை 1080 பிக்சலில் அடைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பிக்சல்தான் கிடைக்கும். அதைவிட மெல்லிய இழையை எந்தக் கேமராவாலும் அதில் காட்ட முடியாது. நெருங்கிய கட்டங்களும் கோடுகளும், புடவையில் இல்லாத அலைகளாகத் தோன்றுவதும் இதனால்தான். ஆகவே முழுப் புடவையை முதல் படமாக வைத்து, அதே பதிவில் இரண்டாவதாக, கரையில் 15 சென்டிமீட்டர் அகலம் மட்டும் நிறையும்படி கிட்டத்தில் எடுத்த படத்தைச் சேருங்கள். அதில் மில்லிமீட்டருக்கு ஏழு பிக்சல் கிடைப்பதால் இழை தெளிவாகத் தெரியும். என் கணிப்பில், கைப்பேசிக்குச் செலவிடும் தொகையைவிட இந்த இரண்டாவது படம்தான் உங்களுக்கு அதிக விற்பனையைத் தரும்.

கைப்பேசியில்தான் குறையா என்று உறுதிசெய்ய, நீங்கள் தயாரித்த 1080 பிக்சல் கோப்பைக் கணினியில் 100 விழுக்காட்டு அளவில் வைத்துப் பாருங்கள். அங்கேயே மங்கலாக இருந்தால் தவறு தளத்தினுடையதன்று. லென்ஸைத் துடைத்துவிட்டு, புடவையைச் சன்னலோர வெளிச்சத்தில் விரித்து மறுபடியும் எடுங்கள். குறைந்த ஒளியில் படத்தில் சேரும் புள்ளிகளும் நுண்ணிய மாற்றங்களாகவே கணக்கில் சேர்வதால், ஜரிகைக்குப் போக வேண்டிய இடத்தை அவை பிடித்துக்கொள்கின்றன. பகல் வெளிச்சத்தில் எடுத்த படமும் அதே சோதனையில் மங்கலாகவே இருந்தால் மட்டும் புதிய கைப்பேசியைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் மெகாபிக்சல் எண்ணைக் கேட்டு வாங்காமல், கடையிலேயே ஒரு ஜரிகைக் கரையைக் கிட்டத்தில் படமெடுத்துப் பார்த்து வாங்குங்கள்.