"ஏன் எங்கே பார்த்தாலும் ஸ்டார்?": கேள்வி பதில்

துணிக்கடை வைத்திருப்பவர்: வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல ஒரு ஏஐ பாட் போட்டிருக்கிறோம் மேடம். நேற்று ஓர் அம்மா "ஏன் இத்தனை ஸ்டார் ஸ்டாரா வருது?" என்று கேட்டார். பாட் அவருக்கு மார்க்டவுன் பற்றிப் பெரிய விளக்கம் கொடுத்தது, அதிலும் ஸ்டார்கள். இதை எப்படிச் சரி செய்வது?

அந்த அம்மா விளக்கம் எதுவும் கேட்கவில்லை சார். தன் திரையில் என்ன தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். ஏஐ மாடல் எழுதுவது வெறும் எழுத்துகளை மட்டுமே. ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் `**` போட்டால் அதைத் தடித்த எழுத்தாக மாற்ற வேண்டியது, திரையைக் காட்டும் செயலியின் வேலை. 2004-இல் ஜான் க்ரூபர் உருவாக்கிய மார்க்டவுன் முறை இது. மாற்றத் தெரிந்த செயலியில் ஸ்டார்கள் மறைந்துவிடும், தெரியாத செயலியில் அப்படியே நிற்கும். மாடலுக்கோ திரையைப் பார்க்கக் கண் இல்லை. அதனால் அந்த அம்மா சொன்ன ஒரு வரிதான் அவருடைய திரையைப் பற்றி பாட்டுக்குக் கிடைத்த ஒரே உறுதியான தகவல்.

அதைக் கேட்டதும் பாட் செய்ய வேண்டியது, முந்தைய பதிலைக் குறி எதுவும் இல்லாமல் மறுபடி அனுப்புவது. ஒரு வரி வருத்தம் சொன்னால் போதும். அப்புறம் அந்த உரையாடல் முடியும்வரை அப்படியே எழுத வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது.

மறுபடி அனுப்புவது என்றால் ஸ்டாரை மட்டும் உருவி எடுப்பது இல்லை. துணியைத் திருப்பித் தருவது பற்றிய பதில் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்:

```
## திருப்பித் தரும் முறை
**கால அளவு:** **7 நாட்கள்**
* **ரசீது** அவசியம்
* **டேக்** கழற்றக் கூடாது
```

குறிகளை மட்டும் நீக்கினால் "கால அளவு: 7 நாட்கள், ரசீது அவசியம்" என்று துண்டு துண்டாக நிற்கும். எதிலிருந்து ஏழு நாள் என்பது இதில் எங்குமே இல்லை. தடித்த எழுத்தும் புள்ளிகளும் அந்த ஓட்டையை மறைத்திருந்தன. வாக்கியமாக எழுதும்போது அது தானாக அடைபடும்:

```
வாங்கிய நாளிலிருந்து 7 நாட்களுக்குள்
துணியைத் திருப்பித் தரலாம். வரும்போது
ரசீது கொண்டு வாருங்கள். துணியில் இருக்கும்
டேக்கைக் கழற்றியிருக்கக் கூடாது.
```

சாதா எழுத்திலும் வரி விடலாம், பத்தி பிரிக்கலாம், 1, 2 என்று எண் போடலாம். அவை பெரும்பாலான திரைகளில் ஒழுங்காகவே தெரியும்.

நிரல் எழுதும் இளைஞர்: வாட்ஸ்அப்பில் ஒற்றை ஸ்டார் போட்டாலே தடித்த எழுத்து வரும். `**` வரும் இடத்தில் `*` வைத்தால் முடிந்தது. எல்லாவற்றையும் எதற்கு எடுக்க வேண்டும்?

பாதி சரி தம்பி. வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்துக்கு ஒற்றை ஸ்டார்தான். ஆனால் மாடல் ஸ்டாரோடு நிறுத்துவதில்லையே. தலைப்புக்கு `##` போடும், அட்டவணைக்கு `|` போடும், இணைப்பைச் சதுர அடைப்புக்குள் வைக்கும். இவை எதையும் வாட்ஸ்அப் மாற்றாது.

இடத்துக்கு இடம் விதி வேறு. டெலிகிராமில் `parse_mode` கொடுக்காவிட்டால் எல்லாக் குறியும் பச்சையாகத் தெரியும். `MarkdownV2` கொடுத்தால் இன்னொரு தொல்லை. ஒரு முற்றுப்புள்ளிக்கோ கழித்தல் குறிக்கோ முன்னால் `\` போட மறந்தால் செய்தி போகவே போகாது, பிழைதான் திரும்பி வரும். வாடிக்கையாளருக்கு ஸ்டார்கூடக் கிடைக்காது, மௌனம்தான் கிடைக்கும். குறுஞ்செய்தியில் வேறு கணக்கு. தமிழில் ஒரு செய்திக்கு 70 இடம்தான், நீண்டு பல துண்டாகப் பிரிந்தால் துண்டுக்கு 67. "கொ" என்பதே இரண்டு இடம் பிடிக்கும். ஐந்து சொல்லைத் தடித்துக் காட்ட முயன்றால் 20 இடம் ஸ்டாருக்கே போய்விடும்.

எந்த வழியில் செய்தி போகிறது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால், அதற்கேற்ற குறியாக நிரலில் மாற்றுங்கள். அது நல்ல வேலை. ஆனால் வாடிக்கையாளரே ஸ்டார் தெரிகிறது என்று சொன்ன பிறகு எந்தக் குறியையும் நம்ப வேண்டாம். உங்கள் கணக்கில் எங்கோ பிசகு இருக்கிறது என்றுதான் அவர் சொல்கிறார்.

ஓர் ஆசிரியை: என் அப்பாவுக்குப் பார்வை இல்லை. கைப்பேசி பதிலைப் படித்துக் காட்டும்போது "ஸ்டார் ஸ்டார்" என்று சொல்லிக்கொண்டே போகிறது. வேண்டாம் என்று சொன்னால் இரண்டு பதில் நன்றாக வருகிறது, மூன்றாவதில் திரும்பவும் ஸ்டார். ஏன் மறந்துவிடுகிறது?

மறக்கவில்லை அம்மா, பழையதைப் பார்த்து எழுதுகிறது. ஒவ்வொரு முறையும் அதுவரை நடந்த முழு உரையாடலும் மாடலுக்குள் போகிறது. அதில் அப்பா சொன்ன வேண்டுகோள் ஒரு வரி, ஸ்டார் நிறைந்த பழைய பதில்களோ பல பக்கம். கேள்வி கொஞ்சம் நீளமாக, பட்டியல் கேட்பது போல வந்தால் பழைய பதில்களின் சாயல் ஜெயித்துவிடும்.

புதிய உரையாடல் ஒன்று தொடங்கச் சொல்லுங்கள். முதல் வரியிலேயே, எது வேண்டாம் என்பதோடு எது வேண்டும் என்பதையும் சொல்லட்டும்: "நான் காதால் கேட்கிறேன். ஒருவரிடம் பேசுவது போல முழு வாக்கியங்களாகப் பத்தியில் எழுது. ஸ்டார், ஹேஷ், வரியின் தொடக்கத்தில் கோடு எதுவும் வேண்டாம்." காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் அட்டவணை, இணைப்பு போன்ற சொல்லாமல் விட்ட குறிகளையும் தவிர்க்க வாய்ப்பு அதிகம். செயலியில் நிரந்தரக் குறிப்பு எழுதும் இடம் இருந்தால் இதை அங்கேயே வைத்துவிடுங்கள். படித்துக் காட்டும் கருவியிலேயே நிறுத்தக்குறி வாசிப்பதைக் குறைக்கவும் வழி உண்டு. ஆனால் வேண்டிய குறிகளும் அதோடு காதில் விழாமல் போகும் என்பதால் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

முதலில் கேட்ட துணிக்கடைக்காரருக்கும் இது பொருந்தும் சார். பழைய பதில்களை மாடலுக்குத் திருப்பி அனுப்பும்போது அவற்றிலிருந்த குறிகளையும் சுத்தம் செய்து அனுப்பச் சொல்லுங்கள். பாட்டுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த அறிவுறுத்தலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அது `##`, `**` நிறைந்ததாக இருந்தால் பதிலும் அதே தோற்றத்தில்தான் வரும். நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் "ஸ்டார் போடாதே" என்பதையே `**` போட்டு எழுதி வைத்திருந்தோம். முழு அறிவுறுத்தலையும் சாதாரணப் பத்திகளாக எழுதிய பிறகே அடங்கியது.

ஓய்வுபெற்ற ஒருவர்: எனக்கும் இதே பிரச்சினை. வங்கி செயலியில் என் கணக்கு எண் `****4821` என்று ஸ்டாராக வருகிறது. அதையும் சாதா எழுத்தாக மாற்றச் சொல்லலாமா?

அது வேறு ஐயா. எண்ணை மற்றவர் பார்க்காமல் இருக்க வங்கியே மறைத்து வைத்த ஸ்டார் அது. அப்படியே இருக்கட்டும்.

ஆனால் நீங்கள் கேட்டதும் நல்லதாகப் போயிற்று. ஸ்டார் தொல்லை என்று, வெளியே போகும் செய்தியில் இருக்கும் எல்லா ஸ்டாரையும் அழிக்கும் நிரலைச் சிலர் எழுதிவிடுகிறார்கள். கைப்பேசியின் ஐஎம்இஐ எண்ணைப் பார்க்க `*#06#` அழுத்தச் சொன்னால் அது `#06#` ஆகிவிடும், அழுத்தினால் எதுவும் வராது. `12*4` என்பது 124 ஆகிவிடும். ஸ்டார் தெரிவதைவிட இது மோசம். ஏனென்றால் தவறு நடந்ததே யாருக்கும் தெரியாது. ஒரு சொல்லைச் சுற்றி ஜோடியாக வரும் `**` மட்டும் போக வேண்டும். பைத்தானில் நான் வைத்திருப்பது இது:

```
re.sub(r"\*\*([^\s*](?:[^*\n]*[^\s*])?)\*\*", r"\1", text)
```

இது `**7 நாட்கள்**` என்பதைச் சுத்தம் செய்யும். `****4821`, `*#06#`, `12*4` மூன்றையும் தொடாது. ஆனால் `2**3**2` என்று வந்தால் கெடுத்துவிடும். அதனால் பதிலில் நிரல் வரும் பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதில் மட்டும் ஓட்டுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர்: எனக்குப் பதில் முழுக்கத் தடித்த எழுத்து ஒழுங்காக வருகிறது. ஏதோ ஓரிடத்தில் மட்டும் ஸ்டார் நிற்கிறது. இதற்கும் சாதா எழுத்துக்கு மாறச் சொல்ல வேண்டுமா அக்கா?

வேண்டாம். உங்கள் செயலிக்கு மாற்றத் தெரிகிறது, ஓரிடத்தில்தான் தடுக்கிறது. தமிழில் எழுதுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். இந்த இரண்டையும் பாருங்கள்:

```
**"வரவு"**க்கு
**வரவுக்கு**
```

முதல் வரியில் ஸ்டார் நிற்கும், இரண்டாவதில் நிற்காது. இன்று பல செயலிகள் பின்பற்றும் காமன்மார்க் விதிப்படி, முடிக்கும் ஸ்டாருக்கு முன்னால் மேற்கோள் போன்ற நிறுத்தக்குறி இருந்து, பின்னால் இடைவெளி இல்லாமல் எழுத்து ஒட்டினால் அது முடிக்கும் ஸ்டாராகவே கணக்கில் வராது. ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின் பெரும்பாலும் இடைவெளி வந்துவிடும். நமக்கு க்கு, யை, இல் எல்லாம் ஒட்டிக்கொண்டுதானே வருகின்றன. உருபையும் சேர்த்துத் தடித்துக் காட்டினால் போதும்.

பதில் ஓடி வரும்போது ஒரு நொடி ஸ்டார் தெரிந்து மறைவதும் பிழை இல்லை. முடிக்கும் ஜோடி இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். "எல்லா இடத்திலும்" என்று ஒருவர் சொன்னால் மட்டும் திரையையே சந்தேகியுங்கள். அவர் பதிலை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டிப் பார்த்திருக்கவும் கூடும். அப்போதும் அவருக்கு வேண்டியது சாதா எழுத்துதான் என்பதால் எங்கே தெரிகிறது என்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதில்லை.

நிரல் எழுதும் இளைஞர்: சரி, சாதா எழுத்துக்கு மாறிவிட்டோம். அதன் பிறகு அதே ஆள் நாலு சேலையின் விலையையும் அளவையும் ஒப்பிட்டு அட்டவணை கேட்டால்? அல்லது ஒரு நிரல் கேட்டால்?

நிரல் கேட்டால் அதன் உள்ளே இருக்கும் ஸ்டாரைத் தொடக் கூடாது, அது நிரலின் பகுதி. மேலும் கீழும் ஒரு வெற்று வரி விட்டு, உள்தள்ளல் மாறாமல் கொடுப்பேன். சுற்றிப் போடும் மூன்று பின்சாய்ந்த மேற்கோள் வேண்டுமா என்பதில் என்னோடு வேலை செய்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நகலெடுக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் நான் விட்டுவிடுகிறேன். எல்லை தெரிய வேண்டும் என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள்.

அட்டவணைதான் சிரமம். இடைவெளி விட்டு நெடுக்கே அடுக்கினால் தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் இல்லாததால் கோணிவிடும். நாலு சேலை என்றால் சேலைக்கு ஒரு வரியாக, பெயர், விலை, நீளம் என்று எல்லா வரியிலும் ஒரே வரிசையில் எழுதுவேன். பத்துப் பதினைந்து ஆகிவிட்டால் அதுவும் கண்ணில் நிற்காது. அப்போது படமாக அனுப்பலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆசிரியையின் அப்பா போன்றவருக்குப் படத்தால் பயன் இல்லை. அந்த இடத்தில் நான், "எதைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள், விலையா நீளமா?" என்று பாட் திருப்பிக் கேட்கும்படி வைத்திருக்கிறேன். மூன்று நான்காகக் குறைந்த பிறகு வரி வரியாகச் சொல்லிவிடலாம்.